எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லு

முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கும் தோழிக்கு முதலில் பதில் சொல்வது உங்கள் வாய் அல்ல, முகம். கதவைத் திறந்ததும் புருவம் ஒரு நொடி மேலே போனால் போதும், அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். பிறகு நீங்கள் எத்தனை முறை "சூப்பர்டி" என்றாலும் அந்த ஒரு நொடியைத்தான் நம்புவாள். முகத்தை அடக்கிக்கொள்ளப் பழகுவது நடக்கிற காரியமில்லை. அதைவிட, வந்த திகைப்பை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிடலாம்: "அட, ஆளே மாறிட்டே! இரு, நல்லாப் பாக்கிறேன்." கட்டிங் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உண்மை. சரியாகப் பார்க்க உங்களுக்குக் கொஞ்சம் நேரமும் கிடைக்கும்.

அந்த நேரத்தில் நிஜமாகவே பார்க்க வேண்டும். அவளை ஜன்னல் பக்கம் அழைத்துப் போங்கள். டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றால் யாருக்கும் முகம் களைத்துத்தான் தெரியும், அந்தப் பழி புது முடியின் மேல் விழும். திரும்பி நிற்கச் சொல்லிப் பின்பக்கம் பாருங்கள். வெட்டு நேராக இருக்கிறதா, காதுக்கு இரண்டு பக்கமும் ஒரே நீளமா, முன்முடி நெற்றியில் எங்கே வந்து நிற்கிறது? இவையெல்லாம் யார் பார்த்தாலும் ஒரே பதில் வருகிற விஷயங்கள். "பிடிச்சிருக்கா இல்லையா" என்பது அதற்கு அடுத்த கேள்வி. முதல் வகையைப் பார்க்காமல் இரண்டாவதற்குத் தாவுவதால்தான் நம் பதில்கள் ஒன்று ஜால்ரா ஆகின்றன, இல்லை குத்தல் ஆகின்றன.

முதல் பார்வையில் தோன்றும் "நல்லா இல்லையே" என்ற எண்ணத்தை உடனே நம்பிவிடக் கூடாது. பழகிய முகத்தின் மேல் நமக்கு ஒரு சாய்வு உண்டு. இதற்கு அழகான ஒரு சோதனை இருக்கிறது. 1977-ல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் பெண்களின் புகைப்படங்களை இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்று நேர்ப்படம், இன்னொன்று கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிய படம். அந்தப் பெண்கள் பெரும்பாலும் கண்ணாடிப் படத்தையும், அவர்களுக்கு நெருக்கமானவர்கள் நேர்ப்படத்தையும் விரும்பினார்கள். முகம் ஒன்றுதான். அவரவர் தினமும் பார்த்துப் பழகிய பக்கம் அவரவருக்கு அழகாகப் பட்டது. வகிடு எடுத்துத் தலைவாருகிற எவருக்கும் இது பொருந்தும். அவள் கண்ணாடியில் பார்ப்பதும் நீங்கள் எதிரே நின்று பார்ப்பதும் ஒரே தலையின் இரண்டு பக்கங்கள். பத்து வருடமாக நீளச் சடையோடு பார்த்தவளைத் திடீரென்று தாடை வரை வெட்டிய முடியோடு பார்த்தால் கண் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். அதைத் தீர்ப்பாகச் சொல்வது அவசரம்.

இன்னொரு சிக்கல் பார்லரிலிருந்தே வருகிறது. ஈரத்தில் வெட்டி, பிறகு டிரையர் வைத்து நீட்டி, செட் செய்து அனுப்பிய முடி அந்தக் கட்டிங்கின் உண்மை முகம் இல்லை. முதல் தடவை தலைக்குக் குளித்துத் தானாகக் காய்ந்த பிறகுதான் அது தெரியும். நெளியும் சுருளும் உள்ள முடி ஈரத்தில் நீண்டு தொங்கும், காய்ந்தால் மேலே ஏறும். ஈரத்தில் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டினால் ஏறுவது இன்னும் அதிகம். ஆகவே கருத்துச் சொல்லும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "தலைக்குக் குளிச்சிட்டியா?"

இனி ஒரு உரையாடலை முழுதாகப் பார்ப்போம். திருச்சியில் இருக்கும் இரண்டு கல்லூரித் தோழிகள், மாலா, கீதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலாவுக்கு நெளி முடி, தோளுக்குக் கீழே வரை இருந்தது. ஒரு நடிகையின் படத்தைச் செல்போனில் காட்டி, தாடை அளவுக்கு பாப் கட்டும் நெற்றியில் விழும் முன்முடியும் வெட்டிக்கொண்டாள். படத்தில் இருந்தது நேர் முடி. பார்லரை விட்டு வரும்போது படம் மாதிரியே இருந்தது. மறுநாள் தலைக்குக் குளித்தாள். பக்கங்கள் விரிந்துகொண்டன, புருவத்தைத் தொட்டிருந்த முன்முடி பாதி நெற்றிக்கு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். வியாழக்கிழமை சாயந்தரம் கீதா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

"எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லுடி."

"ஆளே மாறிட்டே! உள்ள வா. ஜன்னல் பக்கம் நில்லு, பாக்கிறேன். திரும்பு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலைக்குக் குளிச்சிட்டியா?"

"காலைல குளிச்சேன். அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு. நேத்து நல்லா இருந்துச்சு."

"பின்பக்கம் நல்லா வந்திருக்கு. வெட்டு நேரா இருக்கு, கழுத்து எடுப்பாத் தெரியுது. முன்முடிதான் எனக்குச் சரியாப் படல. ரொம்ப மேல ஏறி, கட்டையா நிக்குது."

"அசிங்கமா இருக்கா?"

"அசிங்கம்னு சொல்ல மாட்டேன். நெத்தியில முதல்ல அதுதான் கண்ணுல படுது. உனக்கு நெளி முடி, ஈரத்துல இழுத்து வெட்டியிருப்பாங்க. காஞ்சதும் ஏறிடுச்சு."

"அப்ப வெட்டியிருக்கவே கூடாதுங்கிறே."

"நான் அதச் சொல்லல. நீளம் உனக்கு ஒத்துப்போகுது. முன்முடி ஒரு இஞ்ச் நீளமா இருந்திருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்."

மாலா பேசாமல் சோபாவில் உட்காருகிறாள். கீதா அந்த மௌனத்தை நிரப்ப முயலவில்லை, காபி கலக்கப் போகிறாள். திரும்பி வந்ததும் மாலாவே கேட்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை என்னடி பண்றது? அக்கா சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க."

"நீளத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. முன்முடிக்குப் பண்ணலாம். ஈரம் பண்ணி ஓரமா வாரி, கிளிப் போட்டுப் பாப்போமா?"

இந்த உரையாடலில் கீதா செய்ததை நிதானமாகக் கவனிக்க வேண்டும். அவள் முதலில் சொன்ன நல்ல வார்த்தை மருந்துக்கு முன் கொடுக்கும் சர்க்கரை அல்ல. பின்பக்கம் நிஜமாகவே நன்றாக இருந்தது, அவள் அதைத் தேடிப் பார்த்தாள். நல்லதாக எதுவும் கண்ணில் படாவிட்டால் இட்டுக்கட்ட வேண்டாம், நேராகப் பழுதுக்கே வரலாம். இட்டுக்கட்டிய பாராட்டு பொதுவாகத்தான் வரும், "நல்லா சூட் ஆகுது" என்பதுபோல. நிஜமான பாராட்டில் இடம் இருக்கும்: கழுத்து, பின்பக்கம், வெட்டு.

குறையும் அப்படித்தான் ஒரு இடத்தோடு வந்தது. "நல்லா இல்ல" என்றால் மாலாவின் முகம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். "முன்முடி மேல ஏறி நிக்குது" என்றால் பேச்சு மூன்று விரல் அகல முடிக்குள் நின்றுவிடுகிறது. காரணத்தையும் கீதா முடியிடமும் வெட்டிய விதத்திடமும் வைத்தாள். மாலாவின் புத்தியையும் ரசனையையும் இழுக்கவில்லை. "அந்தப் படத்தப் பாத்து ஏமாந்துட்டியே" என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் மாலா கேட்டது முடியைப் பற்றி, தன் தீர்மானத்தைப் பற்றி அல்ல.

"அசிங்கமா இருக்கா" என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது வலிய இழுக்கப்படும் வார்த்தை. அதை மறுத்தாலும் ஏற்றாலும் அந்த வார்த்தையே மனத்தில் தங்கும். கீதா அதை ஒரு வரியில் தள்ளிவிட்டு, தான் கண்டதை மறுபடி சொன்னாள். "ஐயோ, யாருடி அப்படிச் சொன்னது, தேவதை மாதிரி இருக்கே" என்று பொங்கியிருந்தால், அதற்கு முன் முன்முடியைப் பற்றிச் சொன்னதும் சேர்ந்து செல்லாக் காசாகியிருக்கும்.

கீதா சொல்லாமல் விட்டவையும் முக்கியம். "சூப்பர்" அவற்றில் முதல். நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறாரே என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர் கேட்பது குற்றமில்லாத நன்மை. இங்கே அது கிடைக்காது. வியாழக்கிழமை "சூப்பர்" என்று கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போகிறவள், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் போட்டோ எடுக்கும்போது அதைத் தெரிந்துகொள்வாள். சரிசெய்ய இருந்த மூன்று நாள் அந்தப் பொய்யில் போயிருக்கும்.

"முடிதானே, வளந்துடும்" என்பது இரண்டாவது. ஆறுதல் போல ஒலித்தாலும் அது ஒரு தீர்ப்பு. வெட்டு மோசம், பொறுத்துக்கொள் என்றே அதற்கு அர்த்தம். கணக்கும் ஆறுதலாக இல்லை. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். பாதி நெற்றியில் நிற்கும் முன்முடி புருவத்துக்கு வர இரண்டு, மூன்று மாதம். தாடையில் நிற்கும் முடி தோளைத் தொட ஏழெட்டு மாதம். அந்த எண்களை அவளாகக் கேட்டால் சொல்லுங்கள், மாதக் கணக்கு தெரிந்தால் திட்டமிடலாம்.

மூன்றாவது, "எந்தப் பார்லர்டி? யாரு வெட்டினது?" கோபம் பார்லர்காரம்மா மேல் போகட்டும் என்று நினைத்துக் கேட்கிறோம். அவளுக்கோ அது, அங்கே போன தன் மேலேயே திரும்பும். நான்காவது நம்மூர் விசேஷம்: "முன்னாடி எவ்வளவு நீளமா, அடர்த்தியா இருந்துச்சு!" இதைச் சொல்ல வீட்டில் போதுமான பெரியவர்கள் இருக்கிறார்கள். தோழியும் சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பழைய நீளத்தின் பேச்சை மாலாவே எடுத்துவிட்டால்? அதுதான் இந்தப் பேச்சின் கடினமான இடம்.

"உண்மையச் சொல்லு. நீள முடிதானே எனக்கு நல்லா இருந்துச்சு?"

"என் கண்ணுக்கு அது பழகிப்போச்சு. இப்ப நான் சொல்றது முடிய விடப் பழக்கத்தத்தான் சொல்லும். ரெண்டு வாரம் போகட்டும், நானே சொல்றேன்."

இதை நழுவல் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு வாரம் கழித்து வாயைத் திறக்காவிட்டால் அது நழுவல்தான். "நானே சொல்றேன்" என்றால் காலண்டரில் குறித்துக்கொண்டாவது சொல்ல வேண்டும், அப்போதும் நீள முடியே பிடித்திருந்தால் அதையே சொல்ல வேண்டும். அதற்குள் அவளும் புது முடிக்குப் பழகியிருப்பாள், அடுத்து வளர்ப்பதா வெட்டுவதா என்ற யோசனையில் இருப்பாள். அந்தக் கட்டத்தில் உங்கள் விருப்பம் அவளுக்கு ஒரு தகவலாகப் பயன்படும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கருத்துச் சொன்னவள் கையையும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் நனைத்து, சீப்பால் ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமுமாக நெற்றியோடு படிய வாரிக்கொண்டே டிரையர் காட்டினால் அது நிமிர்ந்து நிற்பது குறையும். பிறகு ஒரே பக்கமாக ஓரம் சாய்த்து, காதுக்கு மேல் சின்ன கிளிப். துளி ஜெல் போதும். தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வைக்கலாம் என்று தோன்றும், கொஞ்சம் கூடினாலும் முடி இழை இழையாகப் பிரிந்து நெற்றி இன்னும் அகலமாகத் தெரியும். முன்னெற்றியில் சுழி இருந்தால் அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே வாருங்கள்.

பட்டுப்புடவை என்றால் பூவைப் பற்றிய கவலையும் வரும். தாடை அளவு முடியில் சவுரி வைத்துப் பின்னினால் பிடிமானம் இருக்காது, மண்டபத்தில் நழுவும். மேல்முடியை மட்டும் பின்னால் சேர்த்துக் கிளிப் போட்டால் அதில் ஒரு சின்ன மல்லிகைச் சரம் நிற்கும், இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்த வேண்டும். நான்கு முழம் வைத்தால் கனத்தில் கிளிப்போடு இறங்கிவிடும்.

வெட்டிய இடத்துக்கே திரும்பிப் போகலாமா? போகலாம், இரண்டு மூன்று நாளுக்குள் போவது நல்லது. செட் செய்யாமல், தானாகக் காய்ந்த முடியோடு போகச் சொல்லுங்கள், அப்போதுதான் வெட்டியவருக்கே பிரச்சினை கண்ணில் படும். "நல்லா இல்ல" என்று சொல்வதைவிட "நீளத்தைத் தொட வேண்டாம், பக்கத்துல விரியிறத மட்டும் குறைங்க, முடி காஞ்சிருக்கும்போதே வெட்டுங்க" என்று சொன்னால் வேலை நடக்கும். பல்லு வைத்த கத்தரியால் அடர்த்தியைக் குறைக்கிறேன் என்பார்கள். நெளி முடியில் அதைக் குறைவாகவே செய்ய வேண்டும். வேருக்கு அருகே போனால் அந்தக் குட்டை முடிகள் மற்ற முடியைத் தள்ளிக்கொண்டு நின்று, முன்பைவிட அதிகமாக விரியும். "ஸ்மூத்தனிங் பண்ணிடலாமா" என்ற பேச்சு அங்கேயே வரலாம். மனம் கலங்கியிருக்கும் நாளில், விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால், மாதக்கணக்கில் தலையில் நிற்கப்போகிற ரசாயன வேலையைத் தீர்மானிக்க வேண்டாம் என்று தோழி தடுக்கலாம். தடுக்கவும் வேண்டும். வீட்டில் கத்தரிக்கோல் எடுத்து முன்முடியை "கொஞ்சம் சமன்" செய்வதையும் அப்படியே தடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடும் வெட்டுவதற்கு முன் கேட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காது. படத்தைக் காட்டி "இது எனக்கு நல்லா இருக்குமா" என்று தோழி கேட்கும்போது நம்மில் பலர் பட்டும் படாமலும் தலையாட்டுகிறோம், வெட்டிய பிறகு உண்மை பேசக் கிளம்புகிறோம். வரிசை மாற வேண்டும். முன்னால் கறாராகவே இருக்கலாம்: "படத்துல இருக்கிறவங்களுக்கு நேர் முடி, உனக்கு நெளி. காஞ்சா ரெண்டு விரல் மேல ஏறும். நெளி முடிக்காரங்க படமாப் பாத்து எடுத்துக்கிட்டுப் போ." இதற்கு யாரும் அழுவதில்லை.

வாட்ஸ்அப்பில் செல்ஃபி அனுப்பிக் கேட்டால் உடனே பதில் எழுதாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகும், பக்கத்து முடி பின்வாங்கித் தெரியும். சில போன்கள் இடம் வலம் மாற்றியும் வைக்கும். "வேற யாரையாவது நாலடி தள்ளி நின்னு, பகல் வெளிச்சத்துல எடுக்கச் சொல்லு, பின்பக்கமும் ஒண்ணு அனுப்பு" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதே அவள் கேள்வியை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று காட்டிவிடும்.

ஆண்களிடம் இந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது. சலூனில் மிஷினில் ஒன்றாம் நம்பர் போட்டுவிட்டு வந்தவனை நண்பர்கள் கூட்டம் ஒரு நாள் முழுக்க ஓட்டும், அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒன்றாம் நம்பர் என்றால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர், இரண்டு வாரத்தில் அதன் வெறுமை மறைந்துவிடும், ஆகவே பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் எல்லோரும் போன பிறகு, பைக்கை ஸ்டார்ட் பண்ணும் முன், "டேய், நிஜமாவே கேவலமா இருக்காடா?" என்று அவன் தனியாகக் கேட்டால் அது நிஜக் கேள்வி. அடுத்த நாள் இன்டர்வியூ இருக்கலாம், பெண் பார்க்கப் போகலாம். அப்போது ஓட்டுவதை நிறுத்திவிட்டு, "பின்கழுத்துல கோடு கோணலா இருக்கு, போற வழியில நேர் பண்ணிக்கலாம், வா" என்று சொல்ல வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் முறை செல்லாத ஓர் இடமும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் மாத வாக்கில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது பலருக்கு நடக்கிறது. சிலருக்கு நோயாலும் சிகிச்சையாலும் கொட்டுகிறது. வேறு வழியில்லாமல் குட்டையாக வெட்டிக்கொண்டு வருகிறவள் "எப்படி இருக்கு" என்று கேட்டால், அவள் கேட்பது ஸ்டைலைப் பற்றி அல்ல. "மண்டை தெரியுதா" என்பதுதான் கேள்வி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "உச்சியில தெரியல. வகிட்டுல லேசாத் தெரியுது, வகிட்ட மாத்தி எடுத்தா மறைஞ்சிடும்." முன்முடி, பக்கமுடி என்ற ஆராய்ச்சியெல்லாம் அங்கே வேண்டாம்.

கடைசியாக மண்டபத்தில் நடக்கப்போவது. கீதாவும் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருக்கிறாள். மாலாவின் பெரியம்மா எல்லோர் முன்னாலும் ஆரம்பிக்கிறார்: "ஏண்டி இப்படிக் கத்தரிச்சுக்கிட்டு வந்து நிக்கிறே? நீயாவது சொல்லக் கூடாதாம்மா கீதா?" வியாழக்கிழமை சொன்னதையெல்லாம் இங்கே ஒப்பிக்கக் கூடாது. "நான் அப்பவே சொன்னேன் பெரியம்மா" என்ற ஒரு வாக்கியம் போதும், மாலா இனிமேல் எதையும் அவளிடம் கேட்க மாட்டாள். அதற்காக "சூப்பரா இருக்கு பெரியம்மா" என்று பொய்யும் தேவையில்லை. "கழுத்து எடுப்பாத் தெரியுது பாருங்க பெரியம்மா, அந்த அட்டிகை இப்பத்தான் கண்ணுல படுது" என்றால் முடிந்தது. மாலாவிடம் தனியாகச் சொன்ன அதே உண்மையின் ஒரு பாதி அது. மறுபாதி மாலாவுக்கு மட்டும் உரியது, பெரியம்மாவுக்கு அதில் பங்கு கிடையாது.